குசினிக் கதவடியில் அடித்த ஆணி



கொஞ்சம் நீண்ட பதிவு. இரத்தோட்டையில் நம்மவர்களின் சின்னக் குசினிகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறோம். இரண்டு மூன்று நண்பர்கள் "ஃபயர் எக்ஸ்டிங்குயிஷர் ஒன்று வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினால் போதுமா?" என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் அதே கேள்விக்கு விடை தேடி மூன்று தடவை சுவரில் துளை போட்டோம். முதல் இரண்டும் பிழை.

போன நோன்புக்கு முந்திய நோன்பில் நடந்த சம்பவத்திலிருந்து தொடங்குகிறோம். அஸருக்குப் பிறகு, இஃப்தாருக்குப் பெட்டிஸ் பொரித்துக்கொண்டிருந்த நேரம். தாச்சியில் ஒரு லீற்றர் அளவு தேங்காய் எண்ணெய். கடைசிப் பெட்டிஸை எடுத்துவிட்டு, சின்னவன் அழுகிறான் என்று மனைவி அறைக்குள் போனார். அடுப்பை நிறுத்தவில்லை. தாச்சியில் பொரியும் சாமான் இருக்கும்வரை அதிலுள்ள ஈரம் எண்ணெயின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். வெறும் எண்ணெய் மட்டும் கிடந்தால் சூடு விறுவிறுவென்று ஏறும். முதலில் மெல்லிய நீலப் புகை, பிறகு கண் எரிக்கிற தடித்த புகை. அந்தப் புகையைக் கண்ட நேரமே நெருப்பைக் குறைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நாங்கள் முன் ஹோலில் இருந்து மணத்தை உணர்ந்தபோது தாச்சிக்கு மேல் இரண்டடி உயரத்துக்குத் தீ.

ராத்தாவின் மகள் தண்ணீர்க் கோப்பையைத் தூக்கிவிட்டாள். உம்மா போட்ட சத்தத்தில் அது கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்காக இன்றும் அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறோம். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லீற்றர் இடம் பிடிக்கும். தண்ணீர் எண்ணெயை விடப் பாரம், ஆகவே தாச்சியின் அடிக்குப் போய்விடும். அங்கே ஒரே கணத்தில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைத் துளித்துளியாகக் கூரைவரைக்கும் தூக்கி எறியும். பிள்ளையின் கோப்பையில் இருந்த தண்ணீர் போதும், எங்கள் பலகைச் சீலிங்கைப் பற்றவைக்க.

உம்மா அடுப்பை நிறுத்தி, கஞ்சிச் சட்டியின் அலுமினிய மூடியை எடுத்து, தன் பக்கமிருந்து முன்னோக்கித் தள்ளுகிற மாதிரித் தாச்சியை மூடினார். தீ அடங்கியது. பிழை விட்டது நாங்கள். ஐந்து நிமிடம் கழித்து "அணைஞ்சிட்டா பார்ப்போம்" என்று மூடியைத் தூக்கினோம். காற்றுப் பட்டதும் எண்ணெய் மறுபடி பற்றிக்கொண்டது. புருவம் கருகியது, வேறு சேதமில்லை. மூடி மறுபடி போனது. அடுத்த தடவை அதை எடுத்தது தராவீஹ் முடிந்து வந்த பிறகுதான்.

ஏன் மறுபடி பற்றியது? பொரிக்கிற சூடு 170, 180 பாகை செல்சியஸ். தானாகப் பற்றுகிற நிலைக்கு வந்த எண்ணெய் 300 பாகைக்கு மேலே போயிருக்கும். அந்தச் சூட்டில் நெருப்புக் குச்சி வேண்டாம், காற்றே போதும். மூடி தீயை அணைக்கும், ஆனால் எண்ணெயை உடனே ஆற்றாது. கனமான இரும்புத் தாச்சி சூட்டை இன்னும் நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். இதை மனதில் பதித்துக்கொண்டால், எந்தக் கருவி வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

பெருநாள் முடிந்து ஒரு சனிக்கிழமை மாத்தளைக்குப் போனோம். ஒரு கடைக்காரர் கறுப்புப் பட்டையுள்ள ஒன்றைக் காட்டினார். அது காபனீரொட்சைட்டு. கரண்ட் சாமான்களுக்கு நல்லது, தூள் எதுவும் மிஞ்சாது. ஆனால் அது பலமான காற்றாக அடிக்கும். எண்ணெய்த் தாச்சிக்குக் கிட்டே நின்று அடித்தால் எரிகிற எண்ணெயையே தள்ளிச் சிதறடிக்கும், எண்ணெயை ஆற்றுகிற சக்தியும் அதற்கு இல்லை. தண்ணீர் நிரப்பியதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

எண்ணெய்த் தீக்கென்றே ஒரு வகை இருக்கிறது. அதை வெட் கெமிக்கல் என்பார்கள், பெரும்பாலும் மஞ்சள் பட்டை, வகுப்பு எஃப் என்று எழுதியிருக்கும். உள்ளே பொட்டாசியம் உப்புக் கரைசல். அது மெல்லிய தூறலாக எண்ணெயில் விழுந்து, மேற்பரப்பைச் சவர்க்காரமாக மாற்றிவிடும். தேங்காய் எண்ணெயில் சவர்க்காரம் காய்ச்சுகிற அதே விஷயந்தான். நுரைப் படை காற்றை மறைக்கும், கரைசல் சூட்டையும் இறக்கும். கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு. நாங்கள் போன கடைகளில் வீட்டு அளவில் அது இருக்கவில்லை.

இருந்தது ஏபிசி தூள், நீலப் பட்டை. மரம், துணி, எண்ணெய், கேஸ், கரண்ட் என்று பலதுக்கும் ஆகும் என்பதால் எல்லாரும் இதைத்தான் விற்கிறார்கள். இதன் குறையையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். தூள் தீயைச் சட்டென்று அடித்து விழுத்தும், ஆனால் எண்ணெயை ஆற்றாது. ஆகவே தாச்சித் தீ, நாங்கள் மூடியைத் தூக்கியபோது வந்த மாதிரி, மறுபடி வரலாம். வகுப்பு எஃப் என்று எழுதியிராத தூள் சிலிண்டரை எண்ணெய்த் தாச்சிக்குரிய கருவியாக நினைக்கக் கூடாது.

அப்படியென்றால் ஏன் வாங்கினோம்? தாச்சிக்காக அல்ல. தாச்சியைத் தாண்டிய தீக்காக. திரைச்சீலை, பலகைத் தட்டு, ஃபிரிஜ்ஜின் பின்பக்கம், விறகு அடுப்படியில் அடுக்கியிருக்கும் காய்ந்த தென்னம்பாளை, இவற்றுக்கு மூடி போட முடியாது. தாச்சிக்கு மூடி, பரவத் தொடங்கியதற்குத் தூள். இந்தப் பிரிவினை எங்களுக்குத் தெளிவாக இரண்டு கிழமை எடுத்தது.

அளவு இரண்டு கிலோ எடுத்தோம். ஒரு கிலோ சிலிண்டர் சில விநாடிகளில் காலியாகிவிடும், கை பழகாதவருக்குக் குறி பார்க்கவே அந்த நேரம் போய்விடும். ஆறு கிலோ என்பது தூளின் நிறை மட்டுந்தான், இரும்போடு சேர்த்து உம்மாவால் தூக்க முடியாது. கடையிலேயே உம்மாவின் கையில் கொடுத்துப் பார்த்தோம். கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும், வீட்டில் பகல் முழுக்க இருக்கிறவர் உம்மாதான். வாங்கும்போது ஊசி பச்சைப் பகுதியில் நிற்கிறதா, பின்னும் அதன் மெல்லிய சீலும் இருக்கிறதா, ஹோஸ் வெடித்திருக்கிறதா, தயாரித்த ஆண்டு என்ன, இவற்றைப் பார்த்தோம். அமுக்கமானி இல்லாததை எடுக்கவில்லை.

இனி ஆணிக் கதை.

எங்கள் குசினி ஒன்பது அடிக்கு ஏழு அடி. ஜன்னலுக்குக் கீழே சீமெந்துத் தட்டு, அதில் கேஸ் அடுப்பு, தட்டுக்குக் கீழே 12.5 கிலோ சிலிண்டர். ஹோலுக்குப் போக ஒரு கதவு, எதிர்ப் பக்கம் பின்வாசல். முதலில் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் இடையில் மாட்டினோம், "கைக்கெட்டின இடம்" என்று. அன்றிரவு உம்மாவை அடுப்படியில் நிறுத்தி, தாச்சியில் தீ என்று நினைக்கச் சொன்னோம். உம்மா கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மகன், இத எடுக்கணுமெண்டா நான் நெருப்புக்கு மேலால கை போடணுமே." அவ்வளவுதான். அடுத்த நாள் ஆணியைக் கழற்றினோம். நாள்தோறும் படுகிற சூடும் எண்ணெய்ப் புகையும் கருவிக்கும் கூடாது.

இரண்டாவது இடம் ஹோல் கதவுக்குப் பின்பக்கச் சுவர். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் குசினிக் கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கும். திறந்த கதவு சிலிண்டரை முழுசாக மறைத்தது. மாமி ஒரு நாள் வந்து "எங்க வெச்சீங்க?" என்று கேட்டார், அவர் அதிலிருந்து ஓரடி தூரத்தில் நின்றார்.

பின்வாசல் பக்கத்தையும் யோசித்தோம். இரவில் அது தாழ்ப்பாளும் பூட்டுமாக இருக்கும், சாவி வேறு இடத்தில். அந்தப் பக்கம் ஒருவரை ஓட வைப்பது சரியில்லை.

கடைசியில் விடை தந்தது கருவியின் மேலே அச்சிட்டிருந்த தூரந்தான். இரண்டு மீற்றர் தள்ளி நின்று அடிக்க வேண்டும், அதாவது ஆறேழு அடி. அடுப்பிலிருந்து ஏழடி அளந்தால் எங்கே வருகிறோம்? ஹோல் கதவு நிலையடிக்கு. சின்னக் குசினியில் தூள் அடிக்கிறவர் எப்படியும் வாசலில்தான் நிற்க வேண்டும். தீ முன்னால், வெளிவழி முதுகுக்குப் பின்னால். அப்படியானால் கருவியும் அங்கேதான் இருக்க வேண்டும். இப்போது அது கதவு நிலைக்கு வெளியே, ஹோல் பக்கச் சுவரில், கதவு மறைக்காத பக்கத்தில் தொங்குகிறது. கைபிடி நாலரை அடி உயரத்தில், உம்மாவின் தோள்மட்டம், சின்னவனுக்கு எட்டாது. இதில் இன்னொரு நன்மை: குசினிக்குள் நின்று அதை எடுக்கப் போகிறவர் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டார். திரும்பி உள்ளே போவதா இல்லையா என்பதை வாசலில் நின்றே தீர்மானிக்கலாம். தீ சீலிங்கைத் தொட்டிருந்தால், அல்லது புகை தலைமட்டத்துக்கு இறங்கியிருந்தால், உள்ளே போவதில்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லாரையும் முற்றத்துக்குக் கூட்டிப் போவது. மாத்தளையிலிருந்து தீயணைப்பு வண்டி வருவதென்றால் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வளைவு ரோட்டில் வர வேண்டும். அது வரும்வரை சாத்திய கதவுதான் மற்ற அறைகளைக் காக்கும்.

மூடியின் இடம் வேறு. அது கைக்குக் கிட்டே இருக்க வேண்டும், அதே நேரம் தீக்கு அப்பால் அல்ல. அடுப்பிலிருந்து கதவுக்குப் போகிற பக்கமாக, தட்டின் ஓரத்தில், மூன்றடி தள்ளி ஓர் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். பெரிய தாச்சியின் வாயை விட இரண்டங்குலம் பெரிய அலுமினிய மூடி. கண்ணாடி மூடி வேண்டாம், சூட்டில் வெடிக்கலாம். பொரிக்கிற நேரத்தில் அதைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுத்தான் எண்ணெய் ஊற்றுவது. மூடிய பிறகு தாச்சியை அசைப்பதில்லை, தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குக் கால் முழுக்க வெந்தது தீயினால் அல்ல, தாச்சியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடியதால்.

ஈரச் சாக்குப் போடலாமே என்று பெரியவர்கள் சொல்வார்கள். தண்ணீர் சொட்டச் சொட்டப் போட்டால் அது கோப்பைத் தண்ணீர் செய்கிற வேலையைத்தான் செய்யும். கோதுமை மா எறிவது அதை விட மோசம், மாத்தூள் காற்றில் பரந்தால் அதுவே பற்றும்.

அடுத்தது தீப் போர்வை. கண்ணாடி நாரில் நெய்த துணி, சின்னப் பையில் மடித்து இரண்டு நாடா தொங்கும். பெட்டியின் படத்தில் எண்ணெய்ச் சட்டியை மூடுகிறார்கள். நாங்களும் அதற்கென்றுதான் வாங்கினோம். பிறகு வாசித்தோம், 2014இல் நெதர்லாந்தின் நுகர்பொருள் பாதுகாப்பு அதிகாரசபை சந்தையில் இருந்த போர்வைகளை எண்ணெய்த் தீயில் சோதித்தபோது பெரும்பாலானவை தேறவில்லை. சூடான எண்ணெய் ஆவி துணியின் இழைகளுக்கு ஊடாக வந்து மேல்பக்கம் பற்றியது. எண்ணெய்த் தீக்குப் போர்வை வேண்டாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். ஐரோப்பிய நியமமான ஈஎன் 1869 அதன் பிறகு 2019இல் திருத்தப்பட்டது. போர்வை வாங்குகிறவர்கள் அந்த இலக்கமும் ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இலக்கமே இல்லாமல் மலிவாக விற்கிற துணியை நம்பித் தாச்சிக்குக் கிட்டே போக வேண்டாம். எங்களுடையதில் பழைய ஆண்டுதான் இருந்தது.

வீசவில்லை. அதற்கு வேறு வேலை கொடுத்தோம்: உடுப்பில் தீ. நம் வீடுகளில் அடுப்படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், தளர்ந்த உடுப்பு, தோளில் சோல். அடுப்புக்கு மேல் தட்டில் எதையாவது எடுக்கக் கை நீட்டும்போது சோல் நுனிதான் முதலில் பற்றும். பற்றினால் மனிதர் ஓடுவார், ஓடினால் தீ முகத்துக்கு ஏறும். நிறுத்தி, கீழே படுக்கவைத்து, போர்வையால் கழுத்துப் பக்கமிருந்து காலை நோக்கி மூடி அமுக்க வேண்டும். அதற்கு ஒரு மீற்றர் சதுரம் சின்னது, 1.2 மீற்றர் நல்லது, அதை விடப் பெரியது இன்னும் நல்லது. பிறகு சூடுபட்ட இடத்துக்கு ஓடுகிற குளிர் தண்ணீர் இருபது நிமிடம், 1990க்கு அழைத்து சுவசெரிய அம்பியூலன்ஸ். பற்பசை, முட்டை வெள்ளைக்கரு எதுவும் பூச வேண்டாம். போர்வை இப்போது தீயணைப்பானுக்குப் பக்கத்திலேயே, நாடாக்கள் கீழ்நோக்கித் தொங்க இருக்கிறது. மனைவி குசினியில் நிற்கும்போது சோலின் இரு நுனியையும் பின்னால் முடிகிறார், அது எந்தப் போர்வையை விடவும் மேல்.

கேஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க அடுப்புகளும் ஹோஸ்களும் வெடித்துத் தீப்பிடித்த சம்பவங்கள் நூற்றுக்கணக்கில் நடந்தன. நம்மில் பலர் சிலிண்டரைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு விறகுக்குத் திரும்பியது நினைவிருக்கும். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு, வாயுக் கலவை மாற்றப்பட்டதே முக்கிய காரணம் என்று கண்டது. புரொப்பேனின் பங்கு கூடியது, அமுக்கம் கூடியது, பழைய ஹோஸும் றெகுலேட்டரும் அதைத் தாங்கவில்லை. அந்த நேரம் ஊரில் சிலர் அவசரமாகத் தீயணைப்பான் வாங்கினார்கள். அவற்றில் பல இன்றும் மேசைக்குக் கீழே கிடக்கின்றன. ஒன்றை எடுத்துப் பார்த்தோம், ஊசி சிவப்பில். இன்னொன்றில் பிள்ளைகள் இழுக்காமலிருக்கப் பின்னைக் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள், குறடு இல்லாமல் திறக்க முடியாது.

கேஸ் தீக்கு ஒரு விதி மட்டும் சொல்கிறோம். றெகுலேட்டரடியில் அல்லது ஹோஸில் தீ நின்று எரிந்தால், முதல் வேலை றெகுலேட்டரைத் திருகி மூடுவது, கை கொண்டுபோகக் கூடிய அளவுக்குத் தீ சிறிதாக இருந்தால். வாயு நின்றால் தீயும் நிற்கும். மூட முடியாது என்றால் தூளடித்துத் தீயை மட்டும் அணைக்கக் கூடாது. அணைந்த பிறகும் வாயு வந்துகொண்டே இருக்கும். அது காற்றை விடப் பாரமானதால் தரையோடு தரையாக நிறையும், ஃபிரிஜ் ஒரு தடவை கிளிக் என்று இயங்கினால் போதும், வீடே வெடிக்கும். எரிகிற கேஸை விட எரியாமல் நிறைகிற கேஸ் ஆபத்தானது. மூட முடியாவிட்டால் எல்லாரும் வெளியே. ஆகவே தீயணைப்பானுக்குச் செலவழிக்கும் முன் ஹோஸைப் பாருங்கள். சவர்க்கார நுரையைப் பூட்டுகளில் பூசினால் கசிவு குமிழியாகத் தெரியும். நாங்கள் ஒவ்வொரு சிலிண்டர் மாற்றும்போதும் செய்கிறோம், இரண்டு நிமிட வேலை.

தூளை ஒரு தடவை அடித்துப் பார்க்கலாமா என்று மகன் கேட்டான். அடித்தால் முடிந்தது. பாதி அடித்துவிட்டு மாட்டி வைத்தாலும் வால்வில் தூள் சிக்கி, அமுக்கம் மெல்ல மெல்ல இறங்கிவிடும், திரும்ப நிரப்பத்தான் வேண்டும். தூள் பட்ட சாப்பாடு குப்பைக்கு. உலோகத்தில் ஈரத்தோடு கிடந்தால் அரிக்கும், ஆகவே காய்ந்தபடியே கூட்டி அள்ளிவிட்டுப் பிறகு துடைக்க வேண்டும். அடிக்காமலே ஒத்திகை பார்த்தோம்: பின்னைத் தொட்டுக் காட்டுவது, ஹோஸைத் தீயின் அடிப்பாகத்துக்கு நீட்டுவது, கைபிடியை அமுக்குவதாகப் பாவனை, இடமும் வலமும் வீசுவது. உம்மா இரண்டாவது தடவையிலேயே சரியாகச் செய்தார். எங்கள் மனைவிக்கு ஹோஸைக் கிளிப்பிலிருந்து கழற்றத்தான் நேரம் எடுத்தது, கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்தினோம்.

மாதப் பிறை பார்க்கிற அன்று ஊசியையும் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம், மறக்காது. அதோடு சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல ஆட்டுவோம், இரத்தோட்டை ஈரத்துக்கும் குளிருக்கும் தூள் அடியில் இறுகாமலிருக்க. உள்ளே மணல் சரிகிற மாதிரி இருந்தால் சரி. வருடத்துக்கு ஒரு தடவை மாத்தளைக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பது.

இந்த நோன்பில் எண்ணெய் ஒரு தடவை புகைந்தது. தாச்சி பற்றவில்லை. மனைவி அடுப்பை நிறுத்தி, மூடியைப் போட்டுவிட்டு, ஹோலுக்கு வந்து இருந்துவிட்டார். அன்று இஃப்தாருக்குக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் மட்டும். மூடியைத் திறந்து பார்ப்போமா என்று நாங்கள் கேட்கவில்லை.